இசட் ஸ்கோர் திரும்பி வந்துச்சு, பணம் ஏன் வரல?

வாசகர் கடிதம்:

"வணக்கம் சார். நான் கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், வயசு 36. பேர் ட்ரேடிங் ஓரளவு கத்துக்கிட்டு எச்டிஎஃப்சி பேங்க் - ஐசிஐசிஐ பேங்க் ரேஷியோ சார்ட்ட 60 நாள் இசட் ஸ்கோர் போட்டு பாத்துக்கிட்டு இருந்தேன். 2024 ஜனவரி 18 அன்னிக்கு அது மைனஸ் 3க்கு கீழ போச்சு. இதவிட நல்ல என்ட்ரி கிடைக்காதுன்னு எச்டிஎஃப்சி ஃப்யூச்சர் ஒரு லாட் 1,490 சுமாருக்கு வாங்கி, ஐசிஐசிஐ ஒரு லாட் 990 சுமாருக்கு வித்தேன். பிப்ரவரி நடுவுல இசட் ஸ்கோர் மைனஸ் 1.8க்கு ஏறி வந்துருச்சு, சரி திரும்புதுன்னு இன்னொரு ஜோடி லாட் சேர்த்தேன் (1,400, 1,020). மார்ச் கடைசில மைனஸ் 0.9 ஆச்சு, என் ரூல்படி எக்ஸிட் பண்ணேன். ஆனா 1.2 லட்சம் லாஸ்! இசட் ஸ்கோர் திரும்பி வந்தா லாபம்தானே வரணும்? என் சார்ட்டு தப்பா? மாசா மாசம் பணம் கட்டுற ஒரு டெலிகிராம் சேனல்காரர், 'பேர் ட்ரேட்ல ஹெட்ஜ் இருக்கு, ஸ்டாப் லாஸ் தேவையில்ல, நீங்க சீக்கிரம் வெளிய வந்துட்டீங்க'ன்னு சொல்றாரு. அடுத்த பேர் எடுக்கலாமா? இந்த லாஸ சம்பளத்துல கழிச்சு வரி குறைக்க முடியுமா?"

பதில்:

வணக்கம். உங்க சார்ட்டு தப்பு இல்லங்க, சாஃப்ட்வேர் போட்ட கணக்கும் சரிதான். அந்த நம்பர் எதச் சொல்லுது, எதச் சொல்லலங்கறதுலதான் சிக்கல் இருக்கு, ஒரு ஷேர வாங்கி, அதோட சேர்ந்து ஆடற இன்னொரு ஷேர வித்து, நடுவுல உள்ள இடைவெளி சுருங்கும்னு காத்திருக்கற பேர் ட்ரேடிங்ல நிறைய பேருக்கு இது தெரியாமலே பணம் போகுது, அதனால இத கொஞ்சம் நிதானமாவே சொல்றேன்.

இசட் ஸ்கோர் ரெண்டு வழியா ஜீரோவுக்கு வரும்

இசட் ஸ்கோர்ங்கறது இன்னிக்கு ரேஷியோவுல இருந்து 60 நாள் சராசரியக் கழிச்சு, அதே 60 நாளோட ஸ்டாண்டர்டு டீவியேஷனால வகுக்கறது, அவ்வளவுதான். அப்போ அது மைனஸ் 3ல இருந்து ஜீரோ பக்கம் வரணும்னா ரெண்டு விதமா வரலாம். ஒண்ணு, ரேஷியோ ஏறி பழைய சராசரிக்கு வரும், அப்ப உங்களுக்கு லாபம். இன்னொண்ணு, ரேஷியோ கீழயே உக்காந்திருக்கும், நாள் ஆக ஆக பழைய உயரமான நாட்கள் 60 நாள் கணக்குல இருந்து வெளிய போய் புது தாழ்வான நாட்கள் உள்ள வந்து, சராசரி இறங்கி ரேஷியோகிட்ட வந்து சேரும். ரெண்டாவது விதத்துலயும் சார்ட்ல கோடு அழகா ஜீரோவுக்கு ஏறும், உங்க பேங்க் அக்கவுண்டுக்கு ஒரு ரூபா வராது.

சின்ன கணக்கா பாருங்க. ஒரு ரேஷியோ 1.65ஐ சுத்தி 0.03 விலகலோட ஆடிக்கிட்டு இருக்கு, ஒரு நாள் சடார்னு 1.40க்கு விழுந்து அங்கயே நின்னுருதுன்னு வைங்க. விழுந்த அன்னிக்கு 60 நாள் இசட் ஸ்கோர் சுமார் மைனஸ் 5.6. பத்தாவது நாள் மைனஸ் 2.1. இருபதாவது நாள் மைனஸ் 1.4. முப்பதாவது நாள் மைனஸ் 1. அறுபதாவது நாள் நெருங்க நெருங்க கிட்டத்தட்ட ஜீரோ. இத்தனைக்கும் ரேஷியோ 1.40ஐ விட்டு ஒரு புள்ளி கூட நகரல! சராசரி இறங்கறது பாதிக் காரணம், மீதி என்னன்னா பழைய 1.65 நாட்களும் புது 1.40 நாட்களும் ஒரே கணக்குல கலந்து கிடக்கறதால டீவியேஷன் 0.03ல இருந்து 0.12க்கு வீங்கிருது, பெரிய நம்பரால வகுத்தா எந்தப் பள்ளமும் சின்னதாதான் தெரியும்.

உங்களுக்கு நடந்தது இதுவேதான், இன்னும் ஒரு படி மோசமா. நீங்க உள்ள போனப்ப ரேஷியோ 1.505 (1,490ஐ 990ஆல வகுத்துப் பாருங்க). ரெண்டாவது லாட் சேர்த்தப்ப 1.37. மார்ச் கடைசில எச்டிஎஃப்சி 1,448, ஐசிஐசிஐ 1,093 ஒட்டி, ரேஷியோ 1.325. ரேஷியோ தொடர்ந்து உங்களுக்கு எதிராவே இறங்கிக்கிட்டு இருந்துருக்கு, அந்த நேரம் பூரா உங்க ஸ்க்ரீன்ல மைனஸ் 3, மைனஸ் 1.8, மைனஸ் 0.9ன்னு "திரும்பி" வந்துக்கிட்டு இருந்துருக்கு. பிப்ரவரி நடுவுல முதல் ஜோடியில மட்டும் சுமார் 70,000 ரூபா நஷ்டத்துல நின்னுக்கிட்டு, இசட் ஸ்கோர் தேறுதுன்னு நம்பி இன்னொரு லாட் போட்டீங்க. பொசிஷனோட லாப நஷ்டமும் இசட் ஸ்கோரும் எதிர் எதிர் திசையில போறத அன்னிக்கே பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்திருந்தா அந்த ரெண்டாவது லாட் போயிருக்காது.

இதுக்கு மருந்து ரொம்ப சிம்பிள். என்ட்ரிக்கு ரோலிங் இசட் ஸ்கோர், அதாவது தினமும் 60 நாள் ஜன்னல் நகந்துக்கிட்டே வர்ற அளவு, அதப் பாருங்க, தப்பில்ல. உள்ள போனதும் அதுக்கு முந்தின நாள் சராசரியையும் டீவியேஷனையும் எழுதி வெச்சு உறைய வெச்சிருங்க, அந்த பொசிஷன் முடியற வரைக்கும் அந்த ரெண்டு நம்பரையே வெச்சு அளக்கணும். பைத்தான்ல போடறதா இருந்தா, ரெண்டு ஷேர் விலையும் பாண்டாஸ் சீரிஸா, entryங்கறது உள்ள போன தேதியா இருக்கணும், அப்புறம் இவ்வளவுதான்:

```python
r = hdfcbank / icicibank
m = r.rolling(60).mean()
s = r.rolling(60).std()
z_roll = (r - m) / s
m0 = m.shift(1).loc[entry]
s0 = s.shift(1).loc[entry]
z_fix = (r.loc[entry:] - m0) / s0
```

எக்செல்லயும் பண்ணலாம், `$` போட்டு செல்ல லாக் பண்ற வேலைதான், உங்களுக்கு அது தண்ணிபட்ட பாடு. உங்க என்ட்ரிக்கு முன்னாடி 60 நாள் சராசரி 1.64 ஒட்டியும் விலகல் 0.04 ஒட்டியும் இருந்துச்சு, ரவுண்டாதான் சொல்றேன். அத உறைய வெச்சு அளந்தா என்ட்ரில மைனஸ் 3.4, பிப்ரவரி நடுவுல மைனஸ் 6.7, மார்ச் கடைசில கிட்டத்தட்ட மைனஸ் 8. ஒரே பொசிஷன், ஒரே நாள், ஒரு அளவுல மைனஸ் 0.9, இன்னொரு அளவுல மைனஸ் 8. இதுல உங்க நஷ்டத்த உண்மையா காட்டினது எதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இந்த ஜோடிக்கு சராசரின்னு ஒண்ணு இருந்துச்சா?

ரெண்டும் பெரிய தனியார் பேங்க், ரெண்டும் நிஃப்டில கனமான ஷேர், ஆர்பிஐ வட்டிய மாத்தினா ரெண்டும் சேர்ந்து ஆடும். இந்த மாதிரி ஜோடில தினசரி ஏத்த இறக்கத்தோட கோரிலேஷன் நல்லா உசரமா வர்றது சகஜம். ஆனா கோரிலேஷன் சொல்றது "இன்னிக்கு இது ஏறினா அதுவும் ஏற வாய்ப்பு இருக்கு"ங்கறது மட்டும்தான். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி திரும்பி பழைய இடத்துக்கு வரும்னு அது எங்கயும் சொல்லல. ஒண்ணு தினமும் மத்ததவிட துளித்துளி அதிகமா ஏறிக்கிட்டே இருந்தாலும் கோரிலேஷன் உசரமாவே இருக்கும், ரேஷியோ மட்டும் ஒரே பக்கமா போய்க்கிட்டே இருக்கும்.

எச்டிஎஃப்சி பேங்க் விலைய ஐசிஐசிஐ விலையால வகுத்த ரேஷியோவ வருஷக் கடைசி விலையில பாருங்க. 2020 கடைசில சுமார் 2.7. 2021 கடைசில 2.0. 2022ல 1.8. 2023ல 1.7. 2024 கடைசில 1.4. நாலு வருஷத்துல பாதி ஆயிருக்கு. இதுல சராசரி எங்க இருக்கு சொல்லுங்க? இது இறங்கிக்கிட்டே போற ஒரு ட்ரெண்டு. இதுக்கு ஒரு வலுவான காரணமும் இருந்துச்சு, 2018ல இருந்து ஐசிஐசிஐ தன்னோட வாராக்கடன் பிரச்சினைய சுத்தம் பண்ணி லாபத்த ஏத்திக்கிட்டே வந்துச்சு, முன்னாடி எச்டிஎஃப்சிக்கு மட்டும் கிடைச்ச மதிப்ப மார்க்கெட் மெல்ல மெல்ல அதுக்கும் குடுக்க ஆரம்பிச்சுது. நீங்க 60 நாள் ஜன்னல் வழியா பாத்ததால சாய்வான கோடு சமதளமா தெரிஞ்சுருக்கு. எந்த ட்ரெண்டையும் ஒரு சின்ன துண்டு வெட்டி எடுத்தா அதுக்குள்ள ஒரு சராசரி கிடைக்கத்தான் செய்யும்.

அதனால ஒரு ஜோடிய எடுக்கறதுக்கு முன்னாடி 60 நாள் சார்ட்ட மூடி வெச்சுட்டு, போனஸ் மாதிரி மாத்தங்களுக்கு அட்ஜஸ்ட் பண்ண விலையில நாலஞ்சு வருஷ ரேஷியோவ ஒரே பக்கத்துல போட்டு வெறுங்கண்ணால பாருங்க. அது ஒரு கோட்ட மறுபடி மறுபடி கடந்து போயிருக்கணும். கடக்காம ஒரே பக்கமா போயிருந்தா அது பேர் ட்ரேட் இல்ல, "இந்த கம்பெனி அந்த கம்பெனிய முந்தும்"னு கட்டற பந்தயம். அட்ஜஸ்ட் பண்ண விலைன்னு அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, 2025 ஆகஸ்ட்ல எச்டிஎஃப்சி பேங்க் 1:1 போனஸ் குடுத்துச்சு, அட்ஜஸ்ட் பண்ணாத டேட்டாவுல ரேஷியோ ஒரே நாள்ல பாதியாயிருக்கும், இசட் ஸ்கோர் அதலபாதாளத்துல போய் நிக்கும், ஒண்ணுமே நடக்காத இடத்துல உங்களுக்கு பை சிக்னல் வரும்.

கண்ணால பாத்தப்புறம், ரெண்டு விலைக்கும் நடுவுல உள்ள இடைவெளி ஒரு சராசரிக்குத் திரும்பற மாதிரி இருக்கான்னு பாக்கற கோஇன்டெக்ரேஷன் டெஸ்ட் போடலாம், எங்கிள் - கிரேஞ்சர் முறை, பைத்தானோட statsmodels லைப்ரரில `coint`னு ரெடியாவே இருக்கு. ஆனா ஐம்பது ஷேர எடுத்து எல்லா ஜோடியையும் டெஸ்ட் பண்ணி பாஸ் ஆனத எடுக்காதீங்க. ஐம்பது ஷேர்ல 1,225 ஜோடி வரும், 5 சதவீத அளவுல டெஸ்ட் வெச்சா உறவே இல்லாத ஜோடிகள்ல கூட 60 போல சும்மா அதிர்ஷ்டத்துல பாஸ் ஆகும். முதல்ல தொழில் காரணம், அப்புறம் சார்ட்டு, கடைசியா டெஸ்ட். இந்த வரிசைய மாத்தாதீங்க.

ஜனவரி 16 சாயங்காலம் உடைஞ்சது

இப்ப உங்க என்ட்ரிய பாப்போம். எச்டிஎஃப்சி பேங்க் 2024 ஜனவரி 16 அன்னிக்கு டிசம்பர் காலாண்டு ரிசல்ட் சொன்னாங்க. லாபம் 16,373 கோடி, மேலோட்டமா பாத்தா நல்ல நம்பர். மறுநாள் ஷேர் ஒரே நாள்ல 8 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு, அதுக்கடுத்த நாள் இன்னும் 3 சதவீதம் போல. அந்த ரெண்டாவது நாள்தான் நீங்க வாங்கினீங்க.

ஏன் விழுந்துச்சு? 2023 ஜூலை 1ல எச்டிஎஃப்சி லிமிடெட், பேங்க்கோட இணைஞ்சுது. அந்த வீட்டுக்கடன் கம்பெனி கொண்டு வந்த கடன் புத்தகம் பெருசு, ஆனா அதுக்கான பணம் டெபாசிட்ல இருந்து வந்ததில்ல, பெரும்பாலும் பாண்டு மாதிரி வெளியில வாங்கின கடன். இணைஞ்ச பிறகு பேங்க் 100 ரூபா டெபாசிட்டுக்கு 110 ரூபா கிட்ட கடன் குடுத்து வெச்சிருக்கற நிலைமை. வட்டி மார்ஜின், மொத்த சொத்து மேல, முன்னாடி 4 சதவீதத்துக்கு மேல இருந்தது 3.4க்கு வந்துருச்சு. டிசம்பர் காலாண்டுலயும் அது ஏறல, டெபாசிட்டும் எதிர்பாத்த வேகத்துல வளரல. இனி டெபாசிட் சேக்கணும்னா வட்டி கூட குடுக்கணும், இல்ல கடன் குடுக்கற வேகத்த குறைக்கணும், எப்படிப் பாத்தாலும் லாப வளர்ச்சி சில வருஷத்துக்கு மந்தமா இருக்கும்னு மார்க்கெட் கணக்கு போட்டுச்சு. அந்தப் பக்கம் ஐசிஐசிஐக்கு மார்ஜின் 4 சதவீதத்துக்கு மேலயே இருந்துச்சு, டெபாசிட் நெருக்கடியும் இந்த அளவு இல்ல.

அதாவது இணைப்புக்கு முந்தின டேட்டா வேற ஒரு கம்பெனியோட டேட்டா, பேரு மட்டும்தான் அதே, உங்க 60 நாளோ மார்க்கெட் இந்த மாத்தத்த இன்னும் முழுசா விலையில ஏத்தாத நாட்கள். ரெண்டு பேங்க்குக்கும் நடுவுல இருந்த உறவு 2023 ஜூலையிலயே மாறிருச்சு, மார்க்கெட் அத முழுசா விலையில ஏத்தினது ஜனவரி 17, 18ல.

இந்த இடத்துல உங்க ஒரு நம்பிக்கைய மெதுவா திருத்தணும். மைனஸ் 3 போச்சுன்னா "இதவிட நல்ல என்ட்ரி கிடைக்காது"ன்னு எழுதியிருக்கீங்க. மைனஸ் 2ஐவிட மைனஸ் 3 நல்ல வாய்ப்புங்கறது எப்ப உண்மைன்னா, விலகினதுக்கு காரணம் தற்காலிகமா இருந்தா மட்டும். யாரோ ஒரு பெரிய ஃபண்டு தன்னோட பண நெருக்கடிக்காக ஒரு ஷேர தள்ளி விக்கறாங்க, இண்டெக்ஸ் மாத்தத்துக்காக ஒரு நாள் வாங்கல் வித்தல் நடக்குது, இந்த மாதிரி விலகல் திரும்பும், ஏன்னா கம்பெனி சம்பாதிக்கறதுல ஒண்ணும் மாறல. ரிசல்ட், மெர்ஜர், ரெகுலேட்டர் உத்தரவு, நிர்வாகத்துல தலை மாறுறது, இதுல ஒண்ணால விலகினா கதையே வேற. அப்ப இசட் ஸ்கோர் எவ்வளவு பெருசோ அவ்வளவுக்கு உறவு உடைஞ்சிருக்க வாய்ப்பும் பெருசு. உங்க மாடல் உண்மைன்னா மைனஸ் 3 ரொம்ப அபூர்வமா வரணும், அது கண்ணு முன்னாடி வந்து நிக்கும்போது அதிர்ஷ்டம்னு எடுத்துக்கறதுக்கு முன்னாடி மாடல்மேல சந்தேகப்படணும்.

கண்டுபிடிக்க நான் பாக்கற வழி, ரெண்டு ஷேரையும் பேங்க் நிஃப்டியோட தனித்தனியா வெச்சுப் பாக்கறது. எந்தக் கால், அதாவது ஜோடியில எந்த ஷேர், நகந்துச்சுன்னு அதுல தெரிஞ்சுரும். உங்க கேஸ்ல ஐசிஐசிஐ மத்த பேங்க்குகளோட சேர்ந்து லேசா இறங்குச்சு, எச்டிஎஃப்சி மட்டும் தனியா பிச்சுக்கிட்டு போச்சு, அதுவும் ரிசல்ட்டுக்கு மறுநாள், பெரிய வால்யூமோட. ஒரு கால் மட்டும், ஒரு செய்தியோட, பெரிய வால்யூம்ல நகந்தா அன்னிக்கு அந்தப் பேர்ல கை வைக்கக்கூடாது. கொறஞ்சது ரெண்டு மூணு மாசம் புது ரேஷியோ எங்க செட்டில் ஆகுதுன்னு பாத்துட்டு, பழைய டேட்டாவ தூக்கிப் போட்டுட்டு, புதுசா அளக்கணும்.

இன்னொண்ணு உங்க கண்ணுல படாம போயிருக்கலாம். நீங்க ஐசிஐசிஐய ஷார்ட் அடிச்சது ஜனவரி 18. அவங்க ரிசல்ட் ஜனவரி 20, சனிக்கிழமை. லாபம் 10,272 கோடி, போன வருஷத்தவிட 23 சதவீதத்துக்கு மேல கூட. ரெண்டு ரிசல்ட்டுக்கு நடுவுல போய் நின்னு, நல்ல ரிசல்ட் வரப்போற பக்கம் ஷார்ட் வெச்சிருந்தீங்க. உங்க மொத்த நஷ்டத்த பிரிச்சுப் பாத்தா இது தெளிவா தெரியும். எச்டிஎஃப்சி பக்கம் முதல் லாட்ல சுமார் 23,000 போச்சு, ரெண்டாவது லாட்ல 26,000 போல லாபம் வந்துச்சு, ஆக அந்தப் பக்கம் கிட்டத்தட்ட சரிக்கு சரி. ஐசிஐசிஐ ஷார்ட்ல முதல் லாட்ல 72,000, ரெண்டாவதுல 51,000. போன பணம் பூராவும் ஷார்ட் கால்ல போயிருக்கு. "எச்டிஎஃப்சி விழுந்துக்கிட்டே இருந்ததால நஷ்டம்"னு நீங்க மனசுல வெச்சிருந்தா அது சரியில்ல.

"ஹெட்ஜ் இருக்கு, ஸ்டாப் லாஸ் தேவையில்ல"

இது ஆபத்தான பேச்சு. ஹெட்ஜ் உங்கள காப்பாத்தறது மார்க்கெட் மொத்தமா ஏறி இறங்கறதுல இருந்து மட்டும்தான். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி விரியறதுதான் நீங்க விலை குடுத்து வாங்கியிருக்கற ரிஸ்க்கே, அதுக்கு எந்த ஹெட்ஜும் கிடையாது.

ஒரே கம்பெனியோட ரெண்டு வகை ஷேர்லயே இது நடந்திருக்கு. ஜெர்மனியில ஃபோக்ஸ்வேகனுக்கு ஓட்டு உரிமை உள்ள சாதாரண ஷேர், ஓட்டில்லாத பிரிஃபரன்ஸ் ஷேர்னு ரெண்டு உண்டு. 2008ல சாதாரண ஷேர் அளவுக்கு மீறி ஏறிருச்சுன்னு பல ஹெட்ஜ் ஃபண்டுங்க அத ஷார்ட் அடிச்சு பிரிஃபரன்ஸ வாங்கி வெச்சிருந்தாங்க. அக்டோபர் 26, ஞாயித்துக்கிழமை, போர்ஷே கம்பெனி தன்கிட்ட 42.6 சதவீத ஷேரும் மேல 31.5 சதவீதத்துக்கு ஆப்ஷனும் இருக்குன்னு அறிவிச்சுது. லோயர் சாக்சனி மாநில அரசுகிட்ட 20 சதவீதம். மிச்சம் மார்க்கெட்ல கிடைக்கறது 6 சதவீதம் கூட இல்ல, ஷார்ட் அடிச்சவங்க திருப்பி வாங்க வேண்டியது அதவிட அதிகம். ரெண்டே நாள்ல 210 யூரோ பக்கம் இருந்த ஷேர் நடுவுல ஆயிரத்த தொட்டுச்சு. அந்த ஃபண்டுங்களோட கணக்கு என்னிக்காவது சரியாகியிருக்கலாம், அதுவரைக்கும் பொசிஷன தாங்கறதுக்கான மார்ஜின் பணம் கட்ட அவங்களால முடியல.

நான் மூணு ஸ்டாப் வெச்சுக்கச் சொல்வேன். முதலாவது, உறைய வெச்ச இசட் ஸ்கோர்ல. 2ல உள்ள போனா 3.5ல வெளிய, ரோலிங்ல இல்ல. அதோட அந்த 3.5க்கு ரூபா கணக்கு எவ்வளவு வரும்னு என்ட்ரிக்கு முன்னாடியே எழுதிப் பாருங்க, அந்த தொகை உங்களுக்குத் தாங்காதுன்னா அந்தப் பேர் உங்களுக்கு இல்ல. ரெண்டாவது, நாள் கணக்கு. பழைய டேட்டாவுல ஒரு விலகல் பாதியா குறைய சராசரியா எத்தன நாள் ஆச்சுன்னு பாருங்க, அதத்தான் ஹாஃப் லைஃப்னு சொல்றாங்க. பத்து நாள்னா முப்பது நாள்ல எட்டுல ஒரு பங்காயிருக்கணும். முப்பது நாள் கழிச்சும் பாதிக்கு மேல விலகல் அப்படியே நின்னா, லாபமோ நஷ்டமோ வெளிய வந்துருங்க, நீங்க அளந்த உறவு அங்க இல்ல. மூணாவது செய்தி. ரெண்டு கம்பெனில எதோட ரிசல்ட் வந்தாலும் அதுக்கு முந்தின நாள் பொசிஷன் இருக்கக்கூடாது, மெர்ஜர், டீமெர்ஜர், ஆர்பிஐ தடைன்னு எது வந்தாலும் இசட் ஸ்கோர் எவ்வளவுன்னு பாக்காம க்ளோஸ்.

ஆவரேஜ் பண்றது பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லணும். செய்தி இல்லாம விலகின பேர்ல முன்கூட்டியே பிளான் பண்ணி ரெண்டு தவணையா உள்ள போறது ஒரு முறை. செய்தியால உடைஞ்ச பேர்ல நஷ்டத்துல நின்னுக்கிட்டு சேர்க்கறது அந்த முறை இல்ல.

சீக்கிரம் வெளிய வந்துட்டீங்கன்னு சேனல்காரர் சொன்னாரே, அதையும் பாத்துருவோம். 2024 கடைசில எச்டிஎஃப்சி 1,773, ஐசிஐசிஐ 1,282 ஒட்டி, ரேஷியோ 1.38. உங்க முதல் என்ட்ரி 1.505. வருஷக் கடைசி வரைக்கும் ஃப்யூச்சர மாசா மாசம் அடுத்த மாசத்துக்கு ரோல் ஓவர் பண்ணி, ரெண்டு காலுக்கும் மார்ஜின் பூட்டி வெச்சிருந்தாலும் நீங்க அன்னிக்கு எதிர்பாத்த 1.64க்கு பக்கத்துல கூட வந்திருக்காது. வெளிய வந்தது சரி, வந்த காரணம்தான் தப்பான நம்பர்.

லாட் கணக்கு

அப்ப எச்டிஎஃப்சி லாட் 550, ஐசிஐசிஐ லாட் 700. உங்க விலையில ஒரு பக்கம் 8.19 லட்சம், இன்னொரு பக்கம் 6.93 லட்சம். ஒண்ணுக்கு ஒண்ணு போட்டதால 1.26 லட்சத்துக்கு நீங்க ஹெட்ஜ் இல்லாம வாங்கல்ல இருந்தீங்க. மார்க்கெட் அப்ப ஏறினதால இது உங்களுக்கு உதவிதான் பண்ணுச்சு, இறங்கியிருந்தா நஷ்டம் இன்னும் கூடியிருக்கும். சமமா போடணும்னா 5 லாட்டுக்கு 6 லாட், ரெண்டு பக்கமும் 41 லட்சம் கிட்ட. வேற வேற ஷேர்ங்கறதால ரெண்டுக்கும் தனித்தனியா முழு மார்ஜின் கேப்பாங்க, பேர்னு சலுகை கிடையாது. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ட்ரேட் பண்றவருக்கு இது ஆகாத அளவு. ஸ்டாக் ஃப்யூச்சர்ல எக்ஸ்பைரி வரைக்கும் விட்டா டெலிவரி குடுக்கணும், ஒரு ஷேர் எஃப் அண்ட் ஓ தடையில போனா புது பொசிஷன் எடுக்க முடியாது, குறைக்க மட்டும்தான் முடியும், அப்ப ஒரு கால மட்டும் அடுத்த மாசத்துக்கு ரோல் பண்ண முடியாம தவிக்க நேரும். அடுத்த பேர் எடுக்கறதுக்கு முன்னாடி இன்னிக்கு இருக்கற லாட் சைஸ எடுத்து, ரெண்டு பக்கமும் ரூபாயில 5 சதவீத வித்தியாசத்துக்குள்ள வர மாதிரி லாட் கணக்கு அமையுதான்னு பாருங்க. அமையலன்னா பேப்பர்ல மட்டும் போட்டுப் பாத்துக்கிட்டு இருங்க, அதுக்கு மேல வேண்டாம்.

சேனலும் வரியும்

காசு வாங்கிட்டு ஷேர் சிக்னல் குடுக்கறவர் செபில ரிசர்ச் அனலிஸ்டாவோ இன்வெஸ்ட்மென்ட் அட்வைசராவோ பதிவு பண்ணியிருக்கணும். பதிவு எண் INH அல்லது INAன்னு ஆரம்பிக்கும். அவர்கிட்ட கேளுங்க, கேக்கறது உங்க உரிமை. குடுத்த எண்ண செபி வெப்சைட்ல போட்டு பேரு ஒத்துப்போகுதான்னு பாருங்க. எண் இல்லன்னா, இல்ல நழுவினார்னா, அடுத்த மாசம் பணம் கட்டாதீங்க, கட்டின ரசீதையும் மெசேஜையும் அழிக்காம வெச்சுக்கிட்டு செபிக்கு புகார் குடுங்க. பதிவு உள்ளவர்மேல புகார்னா செபியோட ஸ்கோர்ஸ் தளத்துல போடலாம். பதிவு இருக்கறதால மட்டும் அவர் பேச்சக் கேட்டு வந்த நஷ்டம் திரும்பக் கிடைச்சுரும்னு நினைச்சுராதீங்க, தப்பான கணிப்புக்கு இழப்பீடு கிடையாது, பொய்யான உத்தரவாதம் குடுத்திருந்தாதான் கேஸ் நிக்கும்.

வரி விஷயத்துல, எஃப் அண்ட் ஓ நஷ்டம் பிசினஸ் நஷ்டம், ஸ்பெகுலேஷன் கணக்குல வராது. அத சம்பளத்துல கழிக்க முடியாது. அதே வருஷம் வாடகை, வட்டி மாதிரி வருமானம் இருந்தா அதுல கழிக்கலாம். மிச்சத்த எட்டு வருஷம் வரைக்கும் எடுத்துட்டுப் போய் வரப்போற பிசினஸ் லாபத்துல கழிக்கலாம், ஆனா அந்த வருஷத்து ரிட்டர்ன கடைசி தேதிக்குள்ள போட்டிருந்தா மட்டும்தான். உங்க நஷ்டம் 2023-24 நிதியாண்டுல விழுது. அந்த வருஷம் நீங்க போட்ட ரிட்டர்ன் ஐடிஆர் 3தானா, அதுல இந்த நஷ்டம் ஏறியிருக்கான்னு இந்த வாரமே எடுத்துப் பாருங்க. சம்பளக்காரங்க வழக்கமா போடற ஐடிஆர் 1ல போட்டிருந்தா நஷ்டம் எங்கயும் பதிவாகியிருக்காது, அப்ப ஒரு ஆடிட்டர்கிட்ட அந்த ரிட்டர்னையும் ப்ரோக்கர் குடுத்த லாப நஷ்ட ஸ்டேட்மென்ட்டையும் காட்டி என்ன வழி மிச்சமிருக்குன்னு கேளுங்க.